ஏலச் சீட்டில் உண்மையான வட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: மாதம் 5,000 வீதம் 20 மாதம், 1 லட்சம் ரூபாய் ஏலச் சீட்டில் சேரச் சொல்கிறார்கள். "86,250 கட்டினால் 95,000 கிடைக்கும்" என்கிறார்கள். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

மொத்தம் கட்டியதையும் மொத்தம் வந்ததையும் ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். எந்த மாதம் எவ்வளவு கையை விட்டுப் போகிறது என்பதே கணக்கு.

அவர்கள் சொல்லும் 86,250 இப்படி வந்திருக்கலாம். கமிஷன் 5%, அதாவது ஒவ்வொரு ஏலத்திலும் 5,000. முதல் ஐந்து மாதம் சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளு 30,000 போனால், கமிஷன் போக மீதி 25,000-ஐ 20 பேருக்குப் பிரிக்க ஆளுக்கு 1,250 கசர். நீங்கள் கட்டுவது 3,750. அடுத்த ஐந்து மாதம் தள்ளு 25,000 என்றால் 4,000, அதற்கடுத்த ஐந்து மாதம் 15,000 என்றால் 4,500. கடைசி ஐந்து மாதம் தள்ளு கமிஷனுக்கே சரியாகிவிடும். முழு 5,000 கட்ட வேண்டும்.

எக்செல்லில் B1 முதல் B20 வரை மாத வாரியாக எழுதுங்கள். கட்டுவது மைனஸ். கடைசி மாதம் எடுப்பவருக்கு B20-இல் 95,000 − 5,000 = 90,000 வரும்.

```
=(1+IRR(B1:B20))^12-1
```

விடை சுமார் 13.6%. நல்ல வட்டிதான். ஆனால் கமிஷன் 7% என்று வையுங்கள் (2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதுவரை அனுமதி உண்டு). தள்ளு அதேதான் என்றாலும் முதல் 15 மாதமும் கசரில் 100 ரூபாய் குறையும், கடைசியில் 93,000 தான் கிடைக்கும். வட்டி சுமார் 8%-க்கு இறங்கிவிடும். அதனால் கமிஷனையும் அதன் மேல் வரும் ஜிஎஸ்டியையும் முதலிலேயே கேளுங்கள்.

முதல் மாதமே எடுப்பவர் கடன்காரர். 70,000 வாங்கி 3,750 கட்டுவதால் B1-இல் 66,250. பிறகு 19 மாதத்தில் 82,500 திருப்பிக் கட்டுகிறார். "16,250 தானே அதிகம், வருஷத்துக்கு 16% கூட இருக்காது" என்று தோன்றும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் சுமார் 29%. வங்கி நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

நடுவில் எடுப்பவருக்கு IRR-ஐ நம்பாதீர்கள். முதலில் மைனஸ், நடுவில் பிளஸ், திரும்பவும் மைனஸ் என்று குறி இருமுறை மாறுவதால் இரண்டு விடைகள் வரலாம், விடையே வராமலும் போகலாம். அதற்குப் பதில், பணத்தை வேறெங்கு போட்டால் என்ன மாத வட்டி கிடைக்குமோ அதை வைத்துப் பாருங்கள். 0.6% என்றால்:

```
=NPV(0.6%,B1:B20)
```

பிளஸ் வந்தால் சீட்டு உங்களுக்கு லாபம், மைனஸ் என்றால் நஷ்டம்.

இதிலெல்லாம் கசர் வெறும் அனுமானம். அதே நிறுவனத்தில் அதே தொகைக்கு முடிந்துபோன ஒரு சீட்டின் மாத வாரி ஏல விவரத்தைக் கேட்டு வாங்கி, அந்த எண்களைப் போடுங்கள். முதல் இரண்டு மாதக் கசரை மட்டும் காட்டினால், அதை 20 மாதத்துக்கும் நீட்டிக் கணக்குப் போடக் கூடாது. தள்ளு முதலில்தான் அதிகமாகப் போகும்.