பிறந்த தேதிக் கட்டத்தில் நாள் எது, மாதம் எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் பிறந்த நாள் 1998 ஏப்ரல் 5. அமெரிக்கக் குடிவரவுப் படிவத்தில் 05/04/1998 என்று எழுதலாமா?

கூடாது. அந்தப் படிவங்களில் கட்டத்துக்குப் பக்கத்திலேயே mm/dd/yyyy என்று இருக்கும். அதாவது மாதம் முதலில். நீங்கள் எழுத வேண்டியது 04/05/1998. மாற்றி எழுதினால் மே 4 ஆகிவிடும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. நாள் 13 அல்லது அதற்கு மேல் என்றால் தவறு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் 13-ஆம் மாதம் கிடையாது. 12-க்குள் இருந்தால் எந்தக் கணினியும் எச்சரிக்காது. ஆண்டில் 132 நாட்கள் இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக் கூடியவை. கட்டத்தில் வடிவம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 05-APR-1998 என்று மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

பள்ளி மாணவர் பட்டியலை எக்செல்லில் திறந்தால் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நிற்கின்றன. ஏன்?

இதைக் கவனித்தது நல்லது, பெரும்பாலோர் அப்படியே சேமித்துவிடுகிறார்கள். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். CSV கோப்பில் 23/04/2012 இருந்தால் எக்செல்லுக்கு அது தேதியாகப் புரியாது. எழுத்தாக விட்டு இடப்பக்கம் ஒதுக்கிவிடும். 05/04/2012-ஐயோ மே 4 என்று எடுத்துக்கொண்டு வலப்பக்கம் வைக்கும். ஆக, ஒழுங்காகத் தெரிகிற வலப்பக்கத் தேதிகள்தான் பிழையானவை. அவை எல்லாவற்றிலும் மாத இடத்தில் இருப்பது உண்மையில் நாள்.

மூலக் கோப்பு கையில் இருந்தால், சேமிக்காமல் மூடிவிட்டு Data தாவலில் From Text/CSV வழியாகத் திரும்ப ஏற்றுங்கள். அங்கே தேதிப் பத்தியை எழுத்து வகையாக வைத்து, அப்புறம் Text to Columns-இல் Date: DMY தேர்ந்தெடுங்கள். மூலம் இல்லையா? பக்கத்துப் பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

எண்ணாக மாறியவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும், எழுத்தாக நிற்பவற்றைத் தேதியாக்கும். ஆனால் பட்டியல் முழுக்க நாள் முதலில் வரும்படி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இது சரி. இரண்டு பேர் இரண்டு விதமாக உள்ளிட்டிருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. 12-க்குள் நாள் வரும் மாணவர்களைப் பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் இணையப் படிவத்தில் நாட்காட்டி வைக்கலாமா, தட்டச்சு செய்ய விடலாமா?

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வேண்டாம் என்பேன். அறுபது வயதுக்காரர் இந்த மாதத்திலிருந்து 1960-கள் வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்ட மூன்று தனிக் கட்டங்கள் போதும். சமர்ப்பிக்கும் முன் "5 ஏப்ரல் 1998, சரியா?" என்று மாதப் பெயரோடு திரும்பக் காட்டுங்கள். தரவுத்தளத்தில் `1998-04-05` என்ற ISO 8601 வடிவம்தான். ஜாவாஸ்கிரிப்டில் `new Date("1998-04-05")` என்று எழுதினால் அது UTC நள்ளிரவாகக் கொள்ளப்படும், அமெரிக்காவில் திறப்பவருக்கு ஏப்ரல் 4 என்று காட்டக்கூடும். பிறந்த தேதியை நேரம் கலக்காமல் வெறும் தேதியாகவே கையாளுங்கள்.