கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, அணையைப் பார்த்தீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயசு. ஆறு மாசமா இடுப்பு, தொடையெல்லாம் வலி. தரையில உட்கார்ந்தா கையை ஊன்றாம எழ முடியல. டெஸ்ட்ல கால்சியம் 9.0, நார்மல். ஆனா வைட்டமின் டி 8, பாஸ்பரஸ் 2.2, பி.டி.எச். 124ன்னு வந்திருக்கு. டாக்டர் வைட்டமின் டி பவுடரும் கால்சியம் மாத்திரையும் எழுதிட்டார். கால்சியம் நார்மலா இருக்கும்போது எதுக்கு இதெல்லாம்? கால்சிட்டோனின்தான் கால்சியத்தை எலும்புக்குள்ள தள்ளும்னு படிச்சேன். அதை ஊசியா போடச் சொல்லலாமா?
— வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, அதனால் மேட்டூர் அணை 120 அடி நிறைந்திருக்கிறது என்று சேலத்துக்காரர் யாராவது சொல்வாரா? நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ரத்தத்தில் இருக்கும் கால்சியம் கால்வாய்த் தண்ணீர், எலும்பில் இருப்பதுதான் அணை. உடம்பிலுள்ள கால்சியம் ஒரு கிலோ சொச்சம், அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ரத்தத்தின் நீர்ப் பகுதி முழுக்கத் தேடினாலும் மொத்தம் 300 மில்லிகிராம் தேறாது, ஒரு பெரிய டம்ளர் பாலில் அதற்குக் குறையாமல் இருக்கும். ஆனால் நரம்பும் தசையும் இதயமும் இந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் ஓடுகின்றன, அதனால் உடம்பு எதை விற்றாவது இந்த அளவைக் காப்பாற்றும். உங்கள் அம்மா விஷயத்தில் விற்றது எலும்பை.

யார் விற்றது என்பது நீங்களே எழுதியனுப்பிய ரிப்போர்ட்டில் இருக்கிறது. பி.டி.எச். என்பது பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் நான்கு சுரப்பிகள், அவற்றின் செல்கள் ஒவ்வொன்றிலும் கால்சியத்தை அளக்கும் உணர்வான். ரத்தத்தில் கால்சியம் இம்மி இறங்கினாலும் நிமிடங்களுக்குள் ஹார்மோனை விடும். வழக்கமாக 65க்குள் இருக்க வேண்டியது அம்மாவுக்கு 124. அதாவது சுரப்பி அலறிக்கொண்டிருக்கிறது, அந்த அலறலால்தான் கால்சியம் 9.0இல் நிற்கிறது. நார்மல் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாகிவிட்டீர்கள்.

இந்த ஹார்மோன் செய்வது மூன்று காரியம். எலும்பில், எலும்பைக் கட்டும் செல்லிடம்தான் இது தகவல் சொல்கிறது, அந்தச் செல் எலும்பைக் கரைக்கும் செல்லை ஏவிவிடுகிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒன்றாக ரத்தத்தில் சுற்றினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அப்போது கரைத்ததே வீண். அதனால் சிறுநீரகத்தில் இந்த ஹார்மோன் ஒரு வாசலைத் திறந்து இன்னொன்றை மூடுகிறது: பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளு, கால்சியத்தைத் திரும்ப இழு. உங்கள் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 2.2 என்று குறைந்திருக்கிறதே (2.5க்கு மேல் இருக்க வேண்டியது), அது இதனால்தான். திரும்ப இழுப்பது சின்ன வேலையென்று நினைக்க வேண்டாம், ஒரு நாளைக்குச் சிறுநீரகம் வடிகட்டும் கால்சியம் சுமார் 10 கிராம். அதில் ஒரு சதவீதம் கூடுதலாகப் போனாலே 100 மில்லிகிராம் நஷ்டம்.

மூன்றாவது காரியம்தான் உங்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. குடலை இந்த ஹார்மோன் நேரடியாகத் தொடுவதில்லை. சிறுநீரகத்தில் வைட்டமின் டியைக் கடைசிக் கட்டத்துக்கு மாற்றி, அந்த முழு வடிவத்தைக் குடலுக்கு அனுப்பி, சாப்பாட்டுக் கால்சியத்தை உறிஞ்ச வைக்கிறது. தோலில் வெயில் பட்டு உருவாகும் டி, ஈரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் மறுமுறை மாறினால்தான் வேலை செய்யும். ரிப்போர்ட்டில் வரும் 8 என்பது ஈரலில் மாறிச் சேர்ந்திருக்கும் சரக்கின் அளவு, 20க்கு மேல் இருக்க வேண்டும். சரக்கே இல்லாதபோது சிறுநீரகம் எதை மாற்றும்? டி போதுமான அளவு இருந்தால் குடல் சாப்பாட்டுக் கால்சியத்தில் 30, 40 சதவீதம் எடுக்கும், இல்லையென்றால் 10, 15 சதவீதம்தான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருந்தும், அம்மா களி கிண்டிச் சாப்பிட்டதில் 50 மில்லிகிராம் உள்ளே போயிருந்தாலே அதிகம். வரவு இல்லை, செலவு நிற்கவில்லை, மிச்சம் எலும்புதான்.

சேலத்து வெயிலில் டி குறையுமா என்று கேட்பீர்கள். காலை ஏழு மணிக்கு நடந்துவிட்டு வந்து, பிறகு நாள் முழுக்கத் தறிக்கூடத்துக்குள் இருந்தால் குறையும். டியை உண்டாக்கும் கதிர் நடுப்பகலில்தான் நன்றாக இறங்கும், ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், நம்முடைய கருத்த தோலுக்கு நேரமும் அதிகம் வேண்டும். ஏற்காட்டில் ஸ்வெட்டரும் மூடுபனியுமாக இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, கால்சிட்டோனின். தைராய்டுக்குள் இருக்கும் வேறு ஒரு வகைச் செல்லிலிருந்து வருகிறது. கால்சியம் அதிகமானால் எலும்பைக் கரைக்கும் செல்லுக்கு நேரடியாக பிரேக் போடும். எதையும் எலும்புக்குள் தள்ளாது, கரைப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். 1962இல் ஹரால்ட் காப் அதைக் கண்டுசொன்னபோது பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் மனிதனுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. தைராய்டை முழுதாக எடுத்தவர்களுக்குக் கால்சிட்டோனின் போய்விடுகிறது, அதற்காக யாரும் மருந்து கொடுப்பதில்லை. அதே ஆபரேஷனில் பாராதைராய்டு அடிபட்டால்தான் விரல் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். ஒருவகைத் தைராய்டு புற்றுநோயில் கால்சிட்டோனின் மலைபோல் சுரந்தும் ரத்தக் கால்சியம் பெரும்பாலும் அசையாது. ஊசியாக வருவது சால்மன் மீனின் வடிவம், கால்சியம் ஆபத்தாக ஏறிய நோயாளிக்கு ஓரிரு நாள் உதவும், பிறகு அதன் பலன் குறைந்துவிடும். அம்மாவுக்கு இப்போது அதைப் போட்டால் கால்வாய்க்கு வேறு வழி செய்யாமல் மதகை மூடியது போலத்தான். முதலில் குடல் வழியாக வரவு வர வேண்டும். டாக்டர் எழுதியது அதைத்தான்.

கையை ஊன்றி எழுவது மூட்டுத் தேய்மானம் மட்டும்தான் என்று விட்டுவிடாதீர்கள், டி குறைந்தால் தொடைத் தசை பலவீனமாகும், எலும்பும் சுண்ணாம்பு ஏறாமல் மென்மையாகும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அழுத்தினால் வலிக்கும். எலும்பின் நிலையைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அது உயர்ந்திருந்தால் எலும்பு மென்மையாகிறது என்ற சந்தேகம் வலுக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் எழுதவில்லை. சிறுநீரகம் கெட்டாலும் பி.டி.எச். ஏறும், ஆனால் அதில் நோய் முற்றும்போது பாஸ்பரஸ் கூடும். அம்மாவுக்குக் குறைந்திருப்பது டி பக்கம் சாய்கிறது, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

பவுடர் 60,000 யூனிட் என்றால் அது வாரம் ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். இதைத் தினமும் கலந்து குடித்துவிட்டு வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. கொழுப்பில் தங்கும் சரக்கு, நிறுத்தினாலும் மாதக்கணக்கில் இறங்காது. சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாகக் கூட்டாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து கால்சியமும் பி.டி.எச்.சும் திரும்பப் பாருங்கள். பி.டி.எச். இறங்கியிருந்தால் கணக்கு சரி. டி நிறைந்த பிறகும் அது இறங்காமல், கால்சியம் 10.5ஐத் தாண்டினால் கதையே வேறு: நான்கு சுரப்பிகளில் ஏதோ ஒன்றில் கட்டி இருந்திருக்கலாம், டி குறைவு அதை இத்தனை நாள் மறைத்திருக்கலாம். அப்போது பவுடர் டாக்டரிடம் போகாமல் நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் போங்கள்.