அஜெண்டா ஸ்லைடு போட்டும் பேனலுக்கு புரியல

"20 நிமிஷ தீசிஸ் ரிவ்யூ, ஏரித் தண்ணி டாபிக். அஜெண்டா போட்டும் நடுவுல 'இப்ப எந்த பார்ட்ல இருக்கீங்க'ன்னு கேக்குறாங்க."

உங்க அஜெண்டால அறிமுகம், முறை, முடிவுகள்னுதான் இருக்கும்னு நினைக்கிறேன், அது எந்த தீசிஸுக்கும் பொருந்தும்ங்க, அதனால யார் மனசுலயும் நிக்காது. பதிலா மூணே வரி போடுங்க: "கழிவுநீர் எங்க கலக்குது", "மழைக்கு முன்னாடி பின்னாடி என்ன மாறுது", "எதை முதல்ல தடுக்கணும்".

முக்கியமா, அதே ஸ்லைடை ஒவ்வொரு பகுதி ஆரம்பத்துலயும் திரும்ப காட்டுங்க, இப்ப போற வரி மட்டும் அடர்த்தியா, மத்தது சாம்பல் கலர்ல. வரிகளோட இடமும் வார்த்தையும் மாறவே கூடாது. அஜெண்டால "கழிவுநீர்"னு போட்டு உள்ள தலைப்புல "மாசு மூலங்கள்"னு வச்சா புது விஷயம்னு நினைச்சுடுவாங்க.

அந்த ஸ்லைடுல பத்து செகண்ட் நின்னு, முடிஞ்சதை ஒரே வரில மூடிட்டு அடுத்ததை திறங்க: "கழிவுநீர் வடக்கு வாய்க்கால் வழியாத்தான் வருதுன்னு பார்த்தோம், மழை வந்தா அது குறையுதா கூடுதான்னு இப்ப பாப்போம்." வெறும் "அடுத்து"ன்னா அடுத்த ஸ்லைடா அடுத்த பகுதியான்னு தெரியாது.

நண்பர்கிட்ட பேசிக் காட்டும்போது நடுவுல நிறுத்தி, இப்ப எந்த வரில இருக்கேன்னு கேளுங்க, அவர் தடுமாறுற இடத்துலதான் இணைப்பு வரி விட்டுப்போயிருக்கும்.