கம்ப்யூட்டர், மானிட்டர், லேசர் பிரிண்டர் ஒரே எக்ஸ்டென்ஷனில்: ஒயர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

கேள்வி: மேஜைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சுவர் சாக்கெட்தான் இருக்கிறது. 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு டெஸ்க்டாப், 24 இன்ச் மானிட்டர், லேசர் பிரிண்டர் மூன்றையும் ஓட்டலாமா? பாக்ஸில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, ஒயர் மேல் 3 × 0.75 என்று அச்சடித்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: ஒயர் மேல் உள்ள எண்ணை நம்புங்கள். 3 என்பது உள்ளே இருக்கும் ஒயர்களின் எண்ணிக்கை: லைன், நியூட்ரல், எர்த். 0.75 என்பது ஒவ்வொன்றிலும் உள்ள செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். வளையும் செம்பு ஒயரில் 0.75-க்கு 6 ஆம்பியர், 1.0-க்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15 ஆம்பியர் அளவில் வைத்துக்கொள்வதே எக்ஸ்டென்ஷனுக்குப் பாதுகாப்பான கணக்கு. பாக்ஸில் இருக்கும் 10 ஆம்பியர் பெரும்பாலும் சாக்கெட்டின் தாங்குதிறன்தான். அதுவும் எல்லா சாக்கெட்டுக்கும் சேர்த்து 10, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அல்ல. பிளக், ஒயர், சுவிட்ச், சாக்கெட் நான்கில் எது குறைவோ அதுதான் மொத்த பாக்ஸின் அளவு. பிளக்கின் முகத்தில் 6 என்று பொறித்திருந்தால், மற்றவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது 6 ஆம்பியர் பாக்ஸ்தான்.

இனி உங்கள் மூன்று கருவிகளும் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம். கணக்கு 230 வோல்ட்டுக்கு. டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையில் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது தரக்கூடிய உச்சம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் சாதாரண வேலையில் 100 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். கடுமையான வேலைக்கு 200 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய, மலிவான பவர் சப்ளைகள் அதே வாட்டுக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும், அதனால் 1.5 ஆம்பியர் என்று எடுப்போம். மானிட்டர் 30 வாட் சுமார், கால் ஆம்பியர்கூட வராது.

சுமை முழுக்க பிரிண்டரில்தான் இருக்கிறது. டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க உள்ளே ஒரு ஹீட்டர் உருளை உண்டு. அது சூடேறும்போது சிறிய லேசர் பிரிண்டர்கூட 800 முதல் 1000 வாட் வரை இழுக்கும். 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர். மூன்றையும் கூட்டினால் 6 ஆம்பியர். அதாவது 0.75 ஒயரின் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். இன்னொரு மானிட்டர், ஸ்பீக்கர், சார்ஜர் என்று ஏதாவது சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

பிரிண்டர் ஹீட்டர் தொடர்ந்து எரிவதில்லை. சில விநாடி எரிந்து அணைந்து மறுபடி எரியும். அதனால் விரித்துப் போட்ட ஒயர் உடனே உருகிவிடாது. 5 மீட்டர் 0.75 ஒயரில் போய்வரும் வழிக்கு மின்தடை சுமார் 0.26 ஓம். 6 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால்:

```
6 × 6 × 0.26 = 9.4 W
```

இந்த வெப்பம் ஐந்து மீட்டருக்கும் பரவுகிறது, தொட்டால் லேசான கதகதப்பு, அவ்வளவே. வோல்ட்டேஜ் இழப்பும் ஒன்றரை வோல்ட்தான், கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி மேஜைக்கு அடியில் திணித்தாலோ, மிதியடிக்குக் கீழே ஓட்டினாலோ வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும். இன்சுலேஷன் இளகுவது இப்படித்தான்.

அதைவிட அதிகம் கெடுவது இணைப்புகள். சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துபோனால் அந்த ஒரு புள்ளியில் 0.3 ஓம் தடை உருவாகலாம். அதே 6 ஆம்பியருக்கு 10.8 வாட். முழு ஒயரிலும் பரவியதைவிட அதிகமான வெப்பம், ஒரு பின் முனையில்! தகடு சூடேறினால் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். பிளாஸ்டிக் பழுப்பாவது, கருகிய வாடை, பிரிண்ட் கொடுக்கும்போது பாக்ஸுக்குள் சிறு சடசடப்பு — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாக்ஸை மாற்றிவிடுங்கள். டேப் சுற்றிப் பயனில்லை.

வீட்டு எம்.சி.பி. விழுந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். அது சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்கப் போட்டது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு உங்கள் 0.75 ஒயரில் 9 ஆம்பியர் ஓடுவது தவறாகவே தெரியாது. அதனால் பாக்ஸிலேயே ஓவர்லோட் கட்-அவுட் பட்டனோ ஃபியூஸோ இருக்கட்டும், அதன் அளவும் ஒயரின் அளவைத் தாண்டக்கூடாது.

மாற்றுவதானால் குறைந்தது 3 × 1.0, முடிந்தால் 3 × 1.5 செம்பு ஒயர் உள்ள பாக்ஸாக வாங்குங்கள். 1.5 எடுத்தால் ஒயரில் வெப்பம் பாதியாகும். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் புழக்கத்தில் இருக்கிறது. அதே தடிமனுக்கு அது தாங்கும் கரண்ட் கணிசமாகக் குறைவு. ஒரு இழையின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். (தகரப்பூச்சு உள்ள செம்பில் இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.) தேவைக்கு மேல் நீளமும் வேண்டாம், 3 மீட்டர் போதுமென்றால் 3 மீட்டரே வாங்குங்கள்.

ஒயரின் தடிமனை கேஜ் எண்ணில் சொல்லும் நாடுகளில் எண் ஏற ஏற ஒயர் மெலியும். அமெரிக்கக் கேஜில் 18 என்பது 0.82 சதுர மி.மீ., 16 என்பது 1.3, 14 என்பது 2.1. அங்கே 120 வோல்ட் என்பதால் இதே சுமைக்குக் கரண்ட் இரு மடங்காகி 12 ஆம்பியரைத் தொடும். அதற்கு 14 கேஜ் எடுப்பது பாதுகாப்பு.

எர்த்தைக் கட்டாயம் சோதியுங்கள். மூன்று துளை சாக்கெட் வைத்து, உள்ளே இரண்டே ஒயர் ஓட்டிய பாக்ஸ்கள் உண்டு. சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து பிளக்கின் எர்த் பின்னையும் சாக்கெட்டின் எர்த் துளையையும் தொடுங்கள். சத்தம் வர வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக உலோகப் பெட்டியில் ஏறத்தாழ பாதி சப்ளை வோல்ட்டேஜ் நிற்கும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது அதனால்தான்.

புதுப் பாக்ஸைப் போட்டதும் தொடர்ச்சியாக 20 பக்கம் பிரிண்ட் எடுத்து, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சுவர் சாக்கெட்டே தளர்ந்திருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரை யூ.பி.எஸ்.ஸில் வைத்திருந்தால் லேசர் பிரிண்டரை அதன் பேட்டரி அவுட்புட்டில் செருக வேண்டாம். ஹீட்டர் எழும் கணத்தில் ஓவர்லோட் ஆகி கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும்.

உங்கள் பிரிண்டர் இங்க்ஜெட்டாக இருந்தால் இந்தக் கவலைகளில் பாதி இல்லை. அது பிரிண்ட் செய்யும்போது 30 வாட்டைத் தாண்டுவது அரிது. மொத்தச் சுமை 2 ஆம்பியருக்குள் அடங்கும். எர்த் சரியாக இருந்து, பிளக் இறுக்கமாக உட்கார்ந்தால், கையில் இருக்கும் 0.75 பாக்ஸே போதும்.