மறைமுகப் பகுப்பு படித்தவனுக்கு மைட்டோசிஸ்

*என் மகன் ஓசூரில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தான். இப்போது பெங்களூருவில் பி.யு.சி. முதலாண்டு. உயிரியலில் பாடம் தெரிகிறது, சொற்கள்தான் புரியவில்லை என்கிறான். ஒரு மையத்தில் மொழிமாற்றுப் பயிற்சிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? நீட் தேர்வைத் தமிழில் எழுதலாமா? – ஒரு தாய், பொம்மனஹள்ளி*

அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். இத்தகைய மையங்கள் பெரும்பாலும் விற்பது ஒரு கலைச்சொல் கையேட்டைத்தான். அதைத் தொகுப்பவர்கள் இலங்கைப் பாடநூல்களின் சொற்களையும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்களையும் கலந்து அடுக்கிவிடுகிறார்கள். என்சைம் என்பதற்கு உங்கள் மகன் படித்த சொல் நொதி. கையேட்டில் நொதியம் என்று இருக்கும். செல் என்று படித்தவன் அங்கே கலம் என்பதைப் பார்ப்பான். குரோமோசோமுக்கு நிறமூர்த்தம் என்று இருக்கும். இவை பிழையான சொற்கள் அல்ல, யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இவையே இயல்பானவை. ஆனால் தனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் புதிதாக இன்னொரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொள்வதற்கு உங்கள் மகன் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல் நூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரு வடிவங்களிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட வரிசையும் படங்களும் இரண்டிலும் ஒன்றே என்பதால், ஒரே படத்தை இரு நூல்களிலும் திறந்து வைத்து அதன் பாகங்களை ஒப்பிட்டுப் படிப்பதே சிறந்த அகராதி. பசுங்கணிகத்தின் படத்தில் அம்புக்குறி காட்டும் இடம் மாறுவதில்லை. அருகில் உள்ள பெயர் மட்டுமே குளோரோபிளாஸ்ட் என்று மாறுகிறது. அதன் பிறகு கல்லூரியில் நடத்தும் என்சிஇஆர்டி நூலின் அதே பாடத்துக்குப் போகட்டும்.

செல் பகுப்புப் பாடத்தில் மட்டும் இதைச் சற்று நிதானமாகச் செய்ய வேண்டும், ஏனெனில் அதிக மதிப்பெண் பறிபோவது அங்கேதான். தமிழில் மறைமுகப் பகுப்பு, குன்றல் பகுப்பு என்ற இரு பெயர்களும் ஒன்றோடொன்று குழம்புவதற்கு வழியில்லை. குன்றல் என்றாலே எண்ணிக்கை குறைகிறது என்பது விளங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் மைட்டோசிஸ், மியோசிஸ் என்று இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலியில் வருவதால், விரைந்து படிக்கும் மாணவன் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறான். எனவே பெயரை மனப்பாடம் செய்யாமல் எண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் அவன் பார்க்கப்போகும் வெங்காய வேர் நுனிச் செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. மைட்டோசிஸ் முடிந்ததும் இரண்டு சேய் செல்கள், ஒவ்வொன்றிலும் அதே 16. அதே வெங்காயத்தின் மகரந்தப்பையில் மியோசிஸ் நடந்தால் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 8. கேள்வியில் எண்ணிக்கை அப்படியே இருக்கிறதா, பாதியாகிறதா என்று பார்த்தாலே எந்தப் பகுப்பு என்பது தெரிந்துவிடும். மறைமுகம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து விடைத்தாளில் எழுதக் கூடாது. திருத்துபவர் அதை மைட்டோசிஸ் என்று புரிந்துகொள்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சில தமிழ் நூல்கள் மைட்டாசிஸ் என்றே அச்சிட்டிருக்கின்றன. அதைப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பொறி சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. ஒளிச்சேர்க்கை என்பது ஃபோட்டோசிந்தசிஸ் என்று தெரிந்தவுடன் சேர்க்கை என்றால் சிந்தசிஸ் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். புரதச்சேர்க்கைக்கு அது பொருந்துகிறது. மகரந்தச்சேர்க்கைக்குப் பொருந்தாது, அங்கே எதுவும் உருவாக்கப்படுவதில்லை, மகரந்தம் சூல்முடியைச் சென்றடைகிறது, அவ்வளவுதான். அதன் ஆங்கிலப் பெயர் பாலினேஷன். நொதியும் நொதித்தலும் இதே வகை. நொதி என்சைம், நொதித்தல் ஃபெர்மென்டேஷன். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சோற்றின் ஸ்டார்ச்சைச் சிதைக்கிறது, ஆனால் அது நொதித்தல் அல்ல. ஆகவே சொல்லை வெட்டி ஒட்டிப் புதுச்சொல் செய்ய வேண்டாம், முழுச்சொல்லுக்கு முழுச்சொல்லாகவே பழகட்டும்.

நீட் தேர்வைப் பொறுத்தவரை, ஆங்கிலமே போதும். தமிழ் வினாத்தாள் கேட்பவர்களுக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களில்தான் தேர்வு மையம் ஒதுக்குவார்கள், பெங்களூருவில் கிடைக்காது. இத்தனை லட்சம் தமிழர் வாழும் ஊரில் ஒரு கட்டுத் தமிழ் வினாத்தாள் கொண்டுவர முடியாதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. பிழை அவர்களுடையது, இழப்பு மாணவனுடையது. இரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, மையத்துக்காக எல்லை தாண்டி அந்த வினாத்தாளை வாங்க வேண்டிய தேவை உங்கள் மகனுக்கு இல்லை. விண்ணப்பத்தில் மொழியை ஒருமுறை தேர்ந்து அனுப்பிய பின் மாற்ற இயலாமல் போகலாம் என்பதால், படிவத்தை இடைத்தரகரிடமோ பயிற்சி மையத்திடமோ கொடுக்காமல் அவனே உட்கார்ந்து நிரப்பட்டும்.