கிணற்று உறை: எங்கே பூசுவது, எங்கே விடுவது?

கிணற்றில் இறக்கும் உறைகளின் இணைப்புகளை முழுவதும் பூசிவிடலாமா?

கூடாது. உறை என்பது மண் சரியாமல் தாங்கும் கான்கிரீட் வளையம். மேலே சுமார் 10 அடி வரை, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து இணைப்புகளை இறுகப் பூசுங்கள். பூசாவிட்டால், மழை அழுக்கும் குளியலறைத் தண்ணீரும் மண்ணில் வடிகட்டப்படுவதற்கு முன்பே அந்த இடுக்கில் நுழைந்துவிடும். மழைக்கு மறுநாள் எங்கள் கிணற்றின் மேல் இணைப்பில் பழுப்புக் கோடு வழிந்திருந்ததைப் பார்த்துத்தான் கசிவைக் கண்டுபிடித்தோம்.

ஊற்று வரும் ஆழத்தில் பூசாமல் விடுங்கள். இட்லித் தட்டின் துளைகளை அடைத்தால் ஆவி ஏறுமா? அங்கே பூசினால் நீர் அடியிலிருந்து மட்டுமே வரும், மணலையும் கிளப்பும்.

அடித்தளமில்லாமல் உறை இறக்கி அதைச் செப்டிக் டேங்க் என்கிறார்கள், அது உறிஞ்சுகுழி. செப்டிக் டேங்குக்கு அடியில் கான்கிரீட் தளமும், எல்லா இணைப்புகளிலும் பூச்சும் வேண்டும்.