“பகீர்” இல்லாம ஒரு தலைப்பு: டயட் கோலா செய்தியை வச்சு ஒரு பயிற்சி

கேள்வி: நான் ஒரு செய்தி இணையதளத்துல சப் எடிட்டர். “டயட் கோலா குடிப்பவர்களே உஷார்! புற்றுநோய் வரும்: உலக சுகாதார அமைப்பு பகீர் எச்சரிக்கை”ன்னு 2023-ல போட்ட செய்தியை கோடைக்கு மறுபடியும் எடுத்துப் போடச் சொல்றாங்க. தலைப்பை நிதானமா மாத்தலாம்னா, “அப்புறம் யாரு கிளிக் பண்ணுவா”ன்னு கேக்குறாங்க. சரியாவும் இருக்கணும், படிக்கவும் வைக்கணும். எப்படி மாத்துறது?

பதில்: முதல்ல தலைப்புல கையை வைக்காதீங்க. நிறைய பேர் பண்ற தப்பு இதுதான், “உஷார்”, “பகீர்” ரெண்டையும் எடுத்துட்டு மிச்சத்தை அப்படியே விட்டுடுவாங்க, ஆனா பொய் இருக்கறது அந்த ரெண்டு வார்த்தையில இல்ல, “வரும்”ங்கற சின்ன வினைச்சொல்லுல. அதனால பழைய செய்தியை மூடி வச்சுட்டு, உலக சுகாதார அமைப்போட மூல அறிக்கையை எடுத்து, யார் சொன்னாங்க, எதைப் பத்தி, எவ்வளவுன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதுங்க. நான் டெஸ்க்ல இருந்த காலத்துல தாள்ல எழுதாம தலைப்பு வச்ச நாள்லதான் மறுநாள் திருத்தம் போட வேண்டி வந்துச்சு.

அந்தத் தாள்ல என்ன வரும்னு பாப்போம். 2023 ஜூலை 14 அன்னிக்கு வந்தது ஒரு முடிவு இல்ல, ரெண்டு முடிவு. உலக சுகாதார அமைப்போட ஒரு பிரிவா பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கற சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேம்ங்கற செயற்கை இனிப்பூட்டியை “புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது”ங்கற 2பி பிரிவுல சேர்த்துச்சு. அதே நாள், உணவுல கலக்கற பொருட்களை ஆராயற இன்னொரு நிபுணர் குழு (உலக சுகாதார அமைப்பும் ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தறது), ஏற்கனவே இருந்த தினசரி வரம்பான உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம்ங்கறதை மாத்தக் காரணம் எதுவும் இல்லைன்னு சொல்லுச்சு. உங்க பழைய தலைப்பு முதல் பாதியை எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாதியை முழுங்கிடுச்சு. “எச்சரிக்கை”யும் அப்படித்தான், கம்பெனிங்க பொருளைத் திரும்ப எடுக்கணும்னோ, ஜனங்க மொத்தமா நிறுத்தணும்னோ சொல்லலை, கொஞ்சம் அளவோட இருங்கன்னுதான் சொல்றோம்னு உலக சுகாதார அமைப்போட ஊட்டச்சத்துத் துறை இயக்குநர் பிரான்செஸ்கோ பிராங்கா அப்பவே தெளிவாச் சொன்னார்.

இந்த ரெண்டு முடிவும் ஏன் மோதலைங்கறதுதான் விஷயமே. ஒரு பொருளால கெடுதல் வர முடியுமாங்கறதும், நாம பயன்படுத்தற அளவுல அது வர எவ்வளவு வாய்ப்புங்கறதும் வேற வேற கேள்வி, ஆனா நம்ம பேச்சுத் தமிழ்ல ரெண்டுக்கும் “ஆபத்து”ன்னு ஒரே சொல்லைத்தான் போடறோம். வீட்டுக்குப் பின்னாடி சுவர் எடுக்காத கிணறு இருக்கான்னு பாக்கறது ஒரு வேலை, அந்த வழியா யார் எத்தனை தடவை நடக்கறாங்கன்னு பாக்கறது வேற வேலை. லியோன் முகமை பாக்கறது கிணறு இருக்காங்கறதை. அதுலயும் 2பின்னா “இருக்கலாமோன்னு சந்தேகம், உறுதியாச் சொல்ல ஆதாரம் பத்தலை”ன்னுதான் பொருள். கல்லீரல் புற்றுநோயோட ஒரு தொடர்பு தெரியற மாதிரி சில மனித ஆய்வுகள் இருந்துச்சு, ஆனா அது தற்செயலாவோ வேற காரணத்தாலயோ வந்திருக்காதுன்னு ஒதுக்க முடியலை. அந்த முகமையோட பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதை அளக்குது, பொருள் எவ்வளவு கொடியதுங்கறதை இல்ல. கற்றாழையோட முழு இலைச் சாறு கூட அதே 2பிலதான் இருக்கு. (இதைப் பாத்துட்டு “கற்றாழையால் புற்றுநோய்”னு இன்னொரு செய்தி போட்டுடாதீங்க.)

இப்ப தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பழைய தலைப்பை வார்த்தை வார்த்தையா தட்டிப் பாருங்க. “டயட் கோலா” பாதி சரி, அஸ்பார்டேம் பல டயட் பானங்கள்ல இருக்கு, ஆனா எல்லாத்துலயும் இல்ல, சிலதுல வேற இனிப்பூட்டி போடறாங்க, அதுபோக சுகர் உள்ளவங்க காபில போடற சில மாத்திரையிலயும் இது இருக்கு. “வரும்” தப்பு. அதை “வருமாம்”னு மாத்தினா சரியாயிடும்னு நினைக்கறாங்க, இந்த “-ஆம்” நம்ம டெஸ்க்ல எல்லாரும் ஒளிஞ்சுக்கற இடம், எழுதினவனுக்கு அது தப்பிக்க ஒரு கதவு, படிக்கறவர் காதுல விழறது “வரும்”தான். “வரலாம்”கூட இங்க போதாது, மழை வரலாம்னா நாம குடை எடுத்துட்டுத்தானே போறோம், அந்த அளவு உறுதி இந்த ஆதாரத்துல இல்ல. இதுக்கு நேரான தமிழ் “சந்தேகம்”, நல்ல வேளையா அது சின்னச் சொல்லும்கூட.

அடுத்து மாத்தி எழுதறது. முதல் முயற்சி எப்பவும் இப்படித்தான் வரும்: “அஸ்பார்டேம் குறித்த உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு வெளியீடு”. தப்பே இல்ல, யாரும் படிக்கவும் மாட்டாங்க, உங்க எடிட்டர் பயப்படறது இதைப் பாத்துதான், அந்த பயம் நியாயம். செய்தி என்னன்னே சொல்லாம, செய்தி வந்ததை மட்டும் சொல்ற தலைப்பு இது, நிதானம்னா மொட்டையா இருக்கணும்னு இல்ல.

ரெண்டாவதா எல்லாரும் போற இடம்: “டயட் கோலா குடித்தால் புற்றுநோய் வருமா?” கேள்விக்குறி போட்டா பொறுப்பு போயிடும்னு ஒரு நம்பிக்கை. இதுக்கு ஒரு சோதனை வச்சிருக்கேன், தலைப்புல கேட்ட கேள்விக்கு உள்ளே இருக்கற பதிலை ஒரே வரியில பக்கத்துலயே எழுதிப் பாருங்க. “உறுதியான ஆதாரம் இல்ல”ன்னு வந்தா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது, ஏன்னா படிக்காமத் தாண்டிப் போற பெரும்பான்மை ஆளுங்க பதிலை எடுத்துட்டுப் போக மாட்டாங்க, டயட் கோலாவையும் புற்றுநோயையும் சேர்த்து மனசுல போட்டுக்கிட்டுப் போவாங்க.

மூணாவது முயற்சி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, அதனாலதான் அது இன்னும் மோசம். 70 கிலோ எடையுள்ள ஒருத்தருக்கு 40 மில்லிகிராம் கணக்குப்படி நாளைக்கு 2,800 மில்லிகிராம், ஒரு கேன்ல 200-லேருந்து 300 மில்லிகிராம் இருக்குன்னு வச்சா 9-லேருந்து 14 கேனுக்கு மேல போனாத்தான் வரம்பு தாண்டும்னு உலக சுகாதார அமைப்பே சொல்லியிருக்கு. உடனே “நாளைக்கு 9 கேன் டயட் கோலா வரை பயமில்லை!”ன்னு தலைப்பு வைக்கத் தோணும், நல்லா கிளிக்கும் ஆகும். ஆனா அந்தக் கணக்கு 70 கிலோ பெரியவங்களுக்கு, அதுவும் வேற எந்த உணவுலேருந்தும் அஸ்பார்டேம் சேரலைன்னு வச்சுக்கிட்டுப் போட்டது. 20 கிலோ இருக்கற உங்க வீட்டுக் குழந்தைக்கு அதே கணக்கு 800 மில்லிகிராம், அதாவது கேன்ல 300 இருந்தா மூணாவது கேன்லயே தாண்டிடும். பயமுறுத்தற பொய்யைத் துரத்திட்டு ஆறுதல் சொல்ற பொய்யை உட்கார வச்ச கதைதான் இது. அதனால எண் தலைப்புக்கு வர்றதா இருந்தா, அது யாருக்கான எண்ணுங்கறதும் கூடவே வரணும், இடம் இல்லைன்னா எண்ணை முதல் பத்திக்கு இறக்கிடுங்க.

அப்போ எதை வச்சு இழுக்கறது? துண்டுத் தாளைத் திரும்பப் பாருங்க, ஒரு பக்கம் சந்தேகப் பட்டியல்ல சேத்துட்டாங்க, இன்னொரு பக்கம் வரம்பை மாத்தலை. இது எப்படி ஒரே நாள்ல நடக்கும்னு யாருக்கும் தோணும்ல, இந்த முடிச்சு செய்திக்குள்ளயே உண்மையா இருக்கு, நாம சேத்தது இல்ல, அதையே தலைப்பாக்குங்க:

“டயட் கோலா இனிப்பூட்டிக்கு அதே தினசரி வரம்பு: 2023-ல் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தும் மாற்றாதது ஏன்?”

இதுலயும் கேள்விக்குறி இருக்கேன்னு கேக்கலாம். இந்த “ஏன்”னுக்கு உள்ளே பதில் இருக்கு, மேல சொன்ன கிணறு விஷயம்தான், முதல் பத்தியிலயே அதைச் சொல்லிடுங்க, எட்டாவது பத்தி வரை இழுத்து வச்சா அதுவும் ஏமாத்துதான். “2023-ல்”ங்கறதை மட்டும் இடம் பத்தலைன்னு வெட்டிடாதீங்க, பழைய செய்தியை நேத்து நடந்த மாதிரி போடறது, வார்த்தை எவ்வளவு நிதானமா இருந்தாலும் பரபரப்புதான்.

வரம்பை ஏன் முன்னாடி வச்சேன்னா, மொபைல்ல தலைப்பு பாதியில வெட்டுப்படும். நான் முதல்ல எழுதினது “டயட் கோலா இனிப்பூட்டி: புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தும்...”னு ஆரம்பிச்சுது, முழுசாப் படிச்சா சரி, “பட்டியலில்”ல வெட்டுப்பட்டா உங்க பழைய தலைப்பே திரும்ப வந்துடுது. தமிழ்ல வினை கடைசில வர்றதால இந்தத் தொல்லை நமக்கு அதிகம், “இல்லை”, “மாற்றவில்லை” எல்லாம் வாலுல தொங்கிக்கிட்டிருக்கும், முதல்ல வெட்டுப்படறதும் அந்த வால்தான். அதனால தலைப்பைப் பாதியில கையை வச்சு மறைச்சுப் படிங்க, மறைச்ச பாதி இல்லாம மிச்சம் பொய் சொல்லுச்சுன்னா புரட்டிப் போட்டு எழுதுங்க.

எல்லாச் செய்தியையும் இப்படித் தணிக்கணும்னு நினைச்சுடாதீங்க. 2025 அக்டோபர்ல கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விஷயம் வந்தப்ப, மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க இறந்திருந்தாங்க, தமிழ்நாட்டுச் சோதனையில எஸ்ஆர்-13 தொகுதியில டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற நச்சு 48.6 சதவீதம் இருந்துச்சு. அங்க துண்டுத் தாள்ல எழுதினாலே “கொடுக்காதீங்க”ன்னுதான் வரும், அப்போ மருந்துப் பேரு, தொகுதி எண், கொடுக்க வேண்டாம்னு மூணையும் முன்னாடி வச்சு சத்தமாவே போடணும். “பெற்றோரே உஷார், இந்த மருந்து வீட்டில் இருக்கா?”ன்னு பேரை மறைச்சு கிளிக் வாங்கறதுதான் அங்க தப்பு.

உங்க செய்திக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. தலைப்பை மாத்தினதும் முடிஞ்சுதுன்னு எழுந்திரிச்சுடாதீங்க, கூகுளுக்குன்னு தனியா கொடுத்த தலைப்பு, வாட்ஸ்அப்ல பகிர்ந்தா வர்ற அட்டையில உள்ள தலைப்பு, நோட்டிஃபிகேஷன் வரி எல்லாம் வேற வேற கட்டத்துல பழைய வார்த்தையோட உட்கார்ந்திருக்கும். லிங்க்ல `diet-cola-causes-cancer` மாதிரி ஏதாவது இருந்தா அதையும் மாத்தி, பழைய லிங்க் புதுசுக்குப் போற மாதிரி உங்க டெக் ஆளுங்ககிட்ட சொல்லி வையுங்க. படத்துல மண்டை ஓடு இருந்தா அதையும்தான்.